தேங்க்ஸ் சொன்னால் மாமியார் முகம் மாறுகிறது

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அத்தை தினமும் விடியற்காலையில் எழுந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறார். “ரொம்ப தேங்க்ஸ் அத்தை” என்றேன். “என்னம்மா, வெளியாள்கிட்ட பேசுற மாதிரி பேசுற?” என்று முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகவும் மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அவர் காதில் விழுந்தது கணக்கு முடிக்கும் சொல். கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னால், அத்தோடு கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது. வீட்டில் அப்படித் தீர்வதை யாரும் விரும்புவதில்லை.

பழைய தமிழில் நன்றி என்பதே சொல்வது அல்ல, செய்வது. ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்கிறது குறள். அங்கே நன்றி என்றால் உதவி. அதை அறியலாம், மறக்கலாம், கொல்லக்கூடச் செய்யலாம். வாயால் சொல்வது பின்னால் வந்த பழக்கம். இது நம் ஊர் விநோதமும் இல்லை. எட்டு மொழிகளில் வீட்டுப் பேச்சையும் நண்பர்கள் பேச்சையும் பதிவு செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கேட்ட உதவி கிடைத்த பிறகு நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். ஆங்கிலத்தில்கூட ஏழில் ஒன்று.

சரி, டிபன் பாக்ஸுக்கு வருவோம். சாயங்காலம் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைய சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். “வத்தக்குழம்புல இருந்த சுண்டக்காயை எல்லாம் பக்கத்து சீட் அக்கா பொறுக்கித் தின்னுட்டாங்க அத்தை.” ‘சூப்பர்’ என்று பொதுவாகச் சொல்வது உபசாரம், சுண்டைக்காயைச் சொன்னால் நீங்கள் ருசித்துச் சாப்பிட்டது தெரியும். இதையே உங்கள் அம்மாவிடம் போனில், அத்தை காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மறுநாளே புடவை வாங்கி நீட்டாதீர்கள், அதுவும் கணக்குத் தீர்ப்பதுதான். பத்து நாள் கழித்து, அவருக்குப் பிடித்த ஒன்றைக் காரணம் சொல்லாமல் வாங்கி வாருங்கள். “உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்” என்பதும் வேண்டாம். ‘இனி செய்யாதீங்க’ என்று கேட்கும்.

காய்ச்சலில் பார்த்துக்கொண்டது போன்ற பெரிய விஷயத்தை வாய்விட்டே சொல்லலாம், அந்தச் சொல் இல்லாமல்: “நீங்க இல்லைன்னா அந்த நாலு நாள் என்ன பண்ணியிருப்பேனோ!”

அப்புறம், “அஞ்சு மணிக்கு எழுந்து நான்தானே...” என்று அவர் கணக்குச் சொல்லத் தொடங்கினால் அது வேறு விஷயம். பாராட்டு போதாமல் இல்லை, உடம்பு அலுத்துவிட்டது. முந்தின நாள் ராத்திரியே காய் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முடிந்தால் உங்கள் கணவரையும் கத்தி எடுக்கச் சொல்லுங்கள்.