கோயில் வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் கதவு: எதைப் பொருத்தலாம், எதைச் சேமிக்கக் கூடாது

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவில் முன்பதிவுச் சீட்டு வாங்குபவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 8,000 பேர். நான்கு வழிகளில் உள்ளே விடுகிறோம். மைதானங்களில் இருப்பதைப் போல முகம் பார்த்துத் திறக்கும் கதவு வைத்தால் வரிசை பாதியாகக் குறையும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. முகப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்து அடுத்த திருவிழாக்களுக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். அறங்காவலர் குழு சம்மதிக்கலாமா?

பதில்: கதவு வைப்பதற்குச் சம்மதிக்கலாம், ஐந்து ஆண்டுச் சேமிப்புக்குச் சம்மதிக்க வேண்டாம். விற்பவர்கள் இவ்விரண்டையும் ஒரே பொருளாகக் காட்டுவார்கள் என்றாலும், வாசலில் வேலை செய்வது முகத்தைப் பொருத்திப் பார்க்கும் அந்த ஒரு நொடிதானே தவிர, பிறகு எங்கோ ஒரு சர்வரில் தங்கிவிடும் பதிவு அன்று.

வரிசை பாதியாகுமா என்பதை முதலில் உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். சீட்டையும் அடையாள அட்டையையும் ஒருவர் கையில் வாங்கிப் பெயரை ஒப்பிட்டு அனுப்ப ஆளுக்குப் பத்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வழியில் மணிக்கு 360 பேர், நான்கு வழிகளில் 1,440 பேர் என்ற கணக்கில், 8,000 பேர் நுழைய ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகக் கதவு இதை இரண்டரை நொடிக்குக் குறைக்கிறது என்ற நிறுவனத்தின் வாக்கை அப்படியே ஏற்றால், ஒரு வழியில் மணிக்கு 1,440 பேர் போகலாம். ஆனால் அந்தக் கதவைத் தாண்டிய உடனே பையைத் திறந்து காட்டி, உலோகக் கருவிச் சோதனைக்கு நிற்க வேண்டும் அல்லவா? அதற்கு ஆளுக்கு ஆறு நொடி என்றால் ஒரு வழியில் மணிக்கு 600 பேருக்கு மேல் நகர முடியாது. ஆகவே உண்மையில் கிடைக்கும் வேகம் நான்கு வழிகளுக்கு 2,400 பேர், மொத்த நேரம் மூன்றே கால் மணிக்குச் சற்றுக் கூடுதல். இனி, சீட்டிலுள்ள க்யூஆர் கோடை மட்டும் நான்கு நொடியில் ஸ்கேன் செய்து அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதுவும் ஆறு நொடிச் சோதனையைவிட வேகமானதுதான் என்பதால் மொத்த நேரம் அதே மூன்றே கால் மணிதான். முகக் கதவு உங்களுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூடத் தரவில்லை. எனவே ஒப்பந்தத்தைத் தொடுவதற்கு முன், ஒரு கூட்ட நாளில் ஒரு தொண்டரைக் கடிகாரத்துடன் நிறுத்தி, எந்த இடத்தில் மக்கள் தேங்குகிறார்கள் என்று அளந்துவிடுங்கள். தேக்கம் சோதனை மேசையில் இருந்தால், இன்னும் இரண்டு மேசைகள் போடுவதே சரியான செலவு.

அப்படியானால் முகப் பொருத்தம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவர் பெயரில் வாங்கிய சீட்டை மற்றொருவருக்கு விற்பதைத் தடுப்பதற்கு அது உண்மையாகவே உதவும். திருமலையில் 2023 மார்ச்சில் இதைச் சோதனை முறையில் தொடங்கியபோது, இடைத்தரகர்களைத் தடுப்பதும், ஒருவரே மீண்டும் மீண்டும் இலவச லட்டு டோக்கன் வாங்குவதைத் தடுப்பதும், அறை ஒதுக்கீட்டிலும் முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தருவதிலும் ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதும்தான் நோக்கங்களாகக் கூறப்பட்டன. பிரேசிலில் 2023இல் வந்த விளையாட்டுப் பொதுச் சட்டம், 20,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானங்களில் உடலடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியதற்கும் ரசிகர் வன்முறையும் கள்ளச் சீட்டும்தான் காரணங்கள். உங்கள் கோயிலில் சீட்டு கைமாறும் தொல்லை இல்லையென்றால், இந்தக் கதவு தேவையே இல்லை என்பது என் கருத்து.

தொல்லை இருக்கிறது என்றால், பொருத்திப் பார்ப்பதில் இரண்டு முறைகள் உண்டு என்பதை அறங்காவலர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். முகப் படத்தை மென்பொருள் ஒரு எண் வரிசையாக மாற்றுகிறது. அதை டெம்ப்ளேட் என்பார்கள். ஒரு முறையில், வருபவர் தம் சீட்டைக் காட்டுகிறார், அந்தச் சீட்டுக்குரிய ஒரே டெம்ப்ளேட்டுடன் அவருடைய முகம் ஒப்பிடப்படுகிறது. மற்றொரு முறையில், சீட்டே இல்லாமல் நடந்து வருகிறார், அவருடைய முகம் பதிவான 8,000 பேருடனும் ஒப்பிடப்படுகிறது. பின்னது பார்க்க அழகாக இருக்கும். விற்பனைக் காட்சியில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஓர் ஒப்பீட்டில் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், சீட்டில்லாத ஒருவர் 8,000 ஒப்பீடுகளில் யாரோ ஒருவராகப் பொருந்தி உள்ளே போகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு ஆகிவிடும். அதைத் தடுக்கப் பொருத்தத்தின் வரம்பைக் கடுமையாக்கினால், உரிய சீட்டு உள்ளவர்களையே கதவு அதிகமாகத் திருப்பி அனுப்பும். பெருங்கூட்டத்தில் பல முகங்களோடு ஒப்பிடுவது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு, 2017இல் கார்டிஃப் நகரில் நடந்த ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டம் ஒரு பாடம். அந்த ஆட்டத்தை ஒட்டிக் காவல்துறையின் கருவி எழுப்பிய 2,470 எச்சரிக்கைகளில் 2,297 தவறானவை. தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிட்ட ஏற்பாடு அது, உங்களுடையது வேறு. ஆயினும் ஒன்றைப் பலவற்றோடு ஒப்பிடும் கணக்கு ஒன்றேதான்.

முதல் முறையில் இன்னொரு பெரிய நன்மை உண்டு: மையச் சேமிப்பே தேவையில்லை. ஒரு டெம்ப்ளேட்டை 512 பைட்டுக்குள் அடக்க முடியும். பெரிய க்யூஆர் கோடு ஒன்றில் 2,900 பைட்டுக்கு மேல் கொள்ளும். ஆகவே பக்தர் முன்பதிவின்போது தரும் படத்திலிருந்து டெம்ப்ளேட்டை உருவாக்கி, மறையாக்கம் செய்து, கோயிலின் மின்கையொப்பத்துடன் சீட்டின் கோடிலேயே பதித்துவிட்டு, சர்வரில் உள்ள படத்தையும் டெம்ப்ளேட்டையும் உடனே அழித்துவிடலாம். வாசலில் உள்ள கருவி கோடைப் படித்து, எதிரில் நிற்கும் முகத்தோடு ஒப்பிட்டு, நினைவிலிருந்து நீக்கிவிடும். பக்தரின் முகப் பதிவு பக்தரின் கையிலேயே இருக்கும். இந்திய விமான நிலையங்களின் டிஜியாத்ரா ஏற்பாடும் பயணியின் விவரங்களை அவருடைய கைப்பேசியில் வைத்து, விமான நிலையத்துக்குச் சென்ற நகலை 24 மணி நேரத்தில் நீக்குவதாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. இதிலும் குறை ஒன்று உண்டு. இத்தகைய கோடு கட்டங்கள் நெருங்கியதாக இருப்பதால், வேட்டி மடிப்பில் செருகிக் கசங்கிய தாளில் எளிதில் படியாது. கைப்பேசித் திரையிலோ தடித்த அட்டையிலோ இருந்தால் சிக்கல் இல்லை.

நிறுவனம் ஏன் ஐந்து ஆண்டு கேட்கிறது என்பதற்கு அடுத்த திருவிழாவின் வசதி மட்டும் காரணமாக இருக்காது. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது பழைய டெம்ப்ளேட்டுகள் அதனுடன் பொருந்தாமல் போகும். அப்போது மூலப் படம் கையில் இருந்தால்தான் புதிதாக உருவாக்க முடியும். இதற்காகவே 'டெம்ப்ளேட் மட்டும்தான் வைக்கிறோம்' என்று சொல்பவர்களில் பலர் படத்தையும் ஓர் ஓரத்தில் வைத்திருப்பார்கள். கசிந்தால் மிகவும் தீங்கானதும் அந்தப் படம்தான், ஏனெனில் எந்த மென்பொருளும் அதிலிருந்து தனக்கு வேண்டிய டெம்ப்ளேட்டை உருவாக்கிக்கொள்ளும். டெம்ப்ளேட்டிலிருந்துகூட முகச் சாயலை ஓரளவு மீட்டெடுக்க வழிகள் உண்டு. 2019இல் பயோஸ்டார் 2 என்ற கதவுக் கட்டுப்பாட்டு அமைப்பின் தரவுத்தளம் இணையத்தில் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டபோது, அதில் கைரேகைகளும் முகப் பதிவுகளும் இருந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். ஒரு பாட்டியின் முகத்தை யாரால் மாற்ற முடியும்?

ஒப்பந்தத்தில் எவரும் எழுதாமல் விடுகிற ஓர் இடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மைதானத்தின் வாசல் கருவிகளைத் தணிக்கை செய்யச் சென்றேன். பதிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டதாகச் சான்று கொடுத்திருந்தார்கள். ஆனால் கருவியின் பின்மூடியைக் கழற்றி நினைவட்டையைக் கணினியில் செருகியபோது, கதவு திறக்க மறுத்த ஒவ்வொரு முகமும் தேதி, நேரத்துடன் வரிசையாக இருந்தது. தவறுகளை ஆராய்வதற்காகத் தொழிற்சாலையிலேயே இயக்கி வைத்திருந்த வசதியை யாரும் நிறுத்தவில்லை. பதிவே செய்யாத, கூட வந்த குழந்தைகளின் முகங்களும் அதில் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே 'அழித்தல்' என்று எழுதும் இடத்தில் சர்வர், காப்பு நகல், வாசல் கருவியின் நினைவட்டை, மறுக்கப்பட்ட முகங்களின் படங்கள் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கதவு நூற்றுக்கு மூன்று பேரைத் தவறாக மறுக்கிறது என்று கொண்டால், மணிக்கு 2,400 பேரில் 72 பேர் நிற்பார்கள். ஒருவரை விசாரித்து அனுப்ப ஒரு நிமிடம் என்றால், ஒரு மேசையால் மணிக்கு 60 பேரைத்தான் கவனிக்க முடியும். எனவே வழியை விட்டு விலகி இரண்டு மேசைகள் வேண்டும். முகம் தர விரும்பாதவர்களும் அடையாள அட்டையைக் காட்டி அங்கேயே நுழையட்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கட்டாயமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலையும் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. உங்கள் ஒப்பந்தம் அந்தக் காலத்தைத் தாண்டிச் செல்லும்.

உங்கள் ராஜகோபுரம் கிழக்கு நோக்கியது என்றால், காலையில் உள்ளே வருபவர்களின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும், கேமராவுக்கு முகம் நிழலாகவே தெரியும். மொட்டையடிப்பதால் பெரிய மாற்றம் வராது, ஏனெனில் கண், மூக்கு, வாய்ப் பகுதியே ஒப்பீட்டில் மிகுந்த பங்கு வகிக்கிறது. ஆனால் இழுத்துப் போட்ட முக்காடும், தோளில் தூங்கும் குழந்தையும், சக்கர நாற்காலியில் வருபவரின் உயரமும் கதவைத் தடுமாறச் செய்யும். ஆகவே சோதனை ஓட்டத்தை நிறுவனத்தின் அலுவலகத்தில் நடத்தாமல், உங்கள் வாசலில், காலை ஏழு மணிக்கு நடத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் மையச் சேமிப்பு முறையைத்தான் தர முடியும் என்றால், திருவிழா முடிந்த மறுநாளே எல்லாம் அழிய வேண்டும் என்பதை ஏற்றால் மட்டும் கையெழுத்திடுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்கு அடுத்த நாள்வரை நிறுத்தி வையுங்கள். அன்று, திருவிழாவின்போது எளிதாக உள்ளே போன பத்துத் தொண்டர்களை அதே கதவுகளின் முன் நிறுத்துங்கள். காப்பு நகலையும் உங்கள் கண்முன்னே மீட்டெடுத்து, மறுபடி அவர்களையே நிறுத்துங்கள். ஒருவருக்காவது கதவு திறந்தால், பதிவு இன்னும் அழியவில்லை.