சம்பள உயர்வா, பாக்கி வசூலா?

வணக்கம் அண்ணா. சிறுசேரில ஒரு சர்வீஸ் கம்பெனில 8 வருஷமா இருக்கேன், ஜாவா பேக்எண்ட் வேலை. சிடிசி 11.5 லட்சம். என் சித்தி பையனும் நானும் ஒண்ணா காலேஜ் முடிச்சோம், அவன் இதுவரைக்கும் நாலு கம்பெனி மாறிட்டான், இப்ப 24 லட்சம்ங்கிறான். எனக்கு இப்ப 16.5 லட்சத்துக்கு ஒரு ஆஃபர் வந்திருக்கு. மேனேஜர் அடுத்த வருஷம் ப்ரமோஷன் தர்றேன்னு சொல்றார். கூடுவாஞ்சேரில வீட்டு லோன் ஓடுது, பாப்பாவுக்கு 2 வயசு. இருக்கவா, போகவா? ரெண்டு சிடிசி ஷீட்டையும் இணைச்சிருக்கேன்.
- பெயர் வேண்டாம், சிறுசேரி

தம்பி, ஷீட் அனுப்புனதுக்கு நன்றி, நிறைய பேர் அத அனுப்பாம "எவ்வளவு ஹைக் நியாயம்"னு மட்டும் கேப்பாங்க.

முதல்ல அந்த ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல வச்சு பாத்துடுவோம். 11.5-ல இருந்து 16.5-ன்னா 43 சதவீதம்னு தோணும். ஆனா புது ஷீட்ல 1 லட்சம் ஜாயினிங் போனஸ், அது ஒரு தடவை தான், வருஷத்துக்குள்ள கிளம்புனா திருப்பி வேற கட்டணும்னு கீழ பொடி எழுத்துல இருக்கு. 2 லட்சம் வேரியபிள், கம்பெனி நல்லா ஓடுனா வரும். அப்புறம் கிராஜுவிட்டின்னு 34,600 ரூபா, அதையும் சம்பளம் மாதிரியே கூட்டி வச்சிருக்காங்க, 5 வருஷம் முடியாம நீங்க கிளம்புனா அது உங்க கைக்கே வராது. இதெல்லாம் கழிச்சா 13.15 லட்சம். இப்ப இருக்குற இடத்துலயும் அதே மாதிரி வேரியபிள் 80 ஆயிரம், கிராஜுவிட்டி 27,700 கழிச்சா 10.42. அப்ப நிஜமான ஏத்தம் 26 சதவீதம். நல்ல ஏத்தம் தான், ஆனா 43 இல்ல.

இப்ப உங்க சித்தி பையன் கதைக்கு வருவோம். நான் ஒரு ஏழு வருஷம் கம்பெனி உள்ள உக்காந்து சம்பள ஷீட் போட்டவன், அதனால இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். உள்ள இருக்குறவங்களுக்கு இன்க்ரிமெண்ட் குடுக்க வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவாங்க, டீமோட மொத்த சம்பளத்துல 8 சதவீதம்னு வைங்க, மேனேஜர் அதுக்குள்ள தான் பிரிச்சு குடுக்கணும், ஒருத்தருக்கு 13 குடுக்கணும்னா இன்னொருத்தர் தட்டுல இருந்து எடுத்து தான் குடுக்கணும். ப்ரமோஷன் வந்தாலும் உங்க பழைய சம்பளத்து மேல இத்தனை சதவீதம்னு தான் கணக்கு. வெளிய இருந்து ஆள் எடுக்குற காசு வேற பட்ஜெட், அது மார்க்கெட் ரேட்டுக்கு தான் போகும், இல்லன்னா ஆளே வர மாட்டாங்க. அதனால தான் உங்க டீம்ல போன மாசம் புதுசா சேந்த பையன் உங்களை விட ஜாஸ்தி வாங்குறான், அவன் கெட்டிக்காரன்ங்கிறதுக்காக இல்ல.

அதாவது மாறும்போது கிடைக்கிறது சம்பள வளர்ச்சியே இல்ல தம்பி, பாக்கி வசூல். மார்க்கெட் ரேட்டுக்கும் உங்க சம்பளத்துக்கும் நடுவுல வருஷா வருஷம் சேந்த பாக்கிய வேற ஒருத்தர் கிட்ட வாங்கிக்கிறீங்க. பாக்கி தீந்துட்டா வசூலும் தீந்துடும், இத தான் யாரும் கணக்குல எடுக்குறதில்ல.

ஒரு உதாரணம் போட்டு பாப்போம். ரெண்டு பேர் 6 லட்சத்துல ஆரம்பிக்கிறாங்க, 12 வருஷம். ஒருத்தர் ஒரே இடம், வருஷம் 8 சதவீதம், நடுவுல ரெண்டு ப்ரமோஷன் வருஷம் மட்டும் 15. அவர் 17 லட்சத்துல நிப்பார். இன்னொருத்தர் 3 வருஷத்துக்கு ஒரு தடவை மாறுறார், ஒவ்வொரு தடவையும் 30 சதவீதம், மத்த வருஷம் 7. அவருக்கு 29 லட்சம் வரும். யூடியூப்ல காட்டுறது இந்த கணக்கு தான். ஆனா நாலு தடவையும் 30 கிடைக்காது. நான் பாத்த வரைக்கும் முதல் தாவல் 40, அடுத்தது 25, அதுக்கப்புறம் 12, அப்புறம் 8-ன்னு தேயும், ஏன்னா மார்க்கெட் ரேட்டை எட்டியாச்சு. அப்படி போட்டா அவர் கிட்டத்தட்ட 22 லட்சத்துல நிப்பார். இப்பவும் மாறுனவர் தான் மேல, வருஷத்துக்கு 5 லட்சம் வித்தியாசம், சும்மா இல்ல. ஆனா அவர் ஒரு தடவை 6 மாசம் வேலை இல்லாம இருந்தா 11 லட்சம் காலி, அதாவது ரெண்டு வருஷத்து வித்தியாசம் போச்சு.

ரிஸ்க் ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா ஒரே மாதிரி இல்ல. மாறுறவருக்கு சின்ன சின்னதா அடிக்கடி வரும். ப்ராஜெக்ட் போச்சுன்னா ப்ரொபேஷன்ல இருக்குறவரை அனுப்புறது ஈஸி, சீனியர் யாரும் அவருக்காக பேச மாட்டாங்க. தங்குறவருக்கு ரொம்ப நாள் ஒண்ணும் வராது, வரும்போது மொத்தமா வரும். 15 வருஷம் ஒரே கிளையண்ட்டோட சொந்த டூல்ல வேலை பாத்துட்டு 38 வயசுல இன்டர்வியூ போறவங்களை நான் பாத்திருக்கேன், முதல் கேள்விக்கே கை நடுங்கும். அவங்க சம்பளம் அந்த ஒரு கம்பெனில மட்டும் செல்லுபடி ஆகுற நோட்டு.

தங்குறதுல ஒரு நிஜமான லாபம் கிராஜுவிட்டி. கடைசியா வாங்குற பேஸிக்ல 26-க்கு 15 பங்கு, பெருக்கல் மொத்த வருஷம், அதாவது முதல் வருஷத்துக்கும் கடைசி பேஸிக் தான் கணக்கு. உங்க பேஸிக் 48,000, இன்னைக்கு கிளம்புனா 8 வருஷத்துக்கு 2 லட்சத்து 21 ஆயிரம், வரி இல்லாம. இது உங்களுக்கு கண்டிப்பா வரணும், கிளம்பும்போது கம்பெனி போடுற கடைசி கணக்கு, அதான் எஃப் அண்ட் எஃப், அதுல விட்டுடாதீங்க. உங்க சித்தி பையனுக்கு நாலு கம்பெனிலயும் இது பூஜ்யமா தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பிஎஃப்பை வேற உருவியிருந்தான்னா அது தனி சோகம், டிரான்ஸ்பர் பண்ணிக்கோன்னு சொல்லுங்க, 5 வருஷ சர்வீஸ் இல்லாம எடுத்தா வரி விழும்.

உங்க விஷயத்துல என் அபிப்பிராயம், போங்க. 8 வருஷமா ஒரு தடவை கூட வசூல் பண்ணாதவர், உங்க பாக்கி பெருசு. அடுத்த வருஷ ப்ரமோஷன் வந்தா கூட 15 சதவீதம், அதுவும் மேனேஜர் அப்ப அதே சீட்ல இருந்தா. ஆனா போன இடத்துல 5 வருஷம் இருக்கணும்னு மனசுல வச்சு போங்க. அந்த வேரியபிள்ல ஒரு லட்சத்தை ஃபிக்ஸட்ல சேக்க முடியுமான்னு கேளுங்க, மொத்தம் அதே 16.5 தானே, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

பயப்பட வேண்டியது உங்க 90 நாள் நோட்டீஸ் பீரியட். நான் 2008-ல பேப்பர் போட்டு ரெண்டாவது மாசம், சேர வேண்டிய கம்பெனி ஜாயினிங் டேட்டை தள்ளி வச்சாங்க, அப்புறம் இன்னொரு தடவை, கடைசில அஞ்சு மாசம் வீட்ல இருந்தேன், பழைய இடத்துல என் சீட்ல வேற ஆள். அப்ப எனக்கு லோன் இல்ல. உங்களுக்கு இருக்கு. அதனால 6 மாச இஎம்ஐ தனியா பேங்க்ல இருந்தா தான் ரிசைன் மெயில் அனுப்பணும். கையெழுத்து போட்ட ஆஃபர் லெட்டர்ல ஜாயினிங் டேட் இருக்கணும், எந்த ப்ராஜெக்ட், ஆள் எடுத்த மேனேஜர் யாருன்னு கேட்டு வச்சுக்கோங்க. நோட்டீஸ் ஓடும்போது 15 நாளைக்கு ஒரு தடவை அந்த மேனேஜருக்கே போன் போடுங்க, ஹெச்ஆருக்கு இல்ல. அவர் போன் எடுக்கறது குறைஞ்சதுன்னா உடனே மத்த இன்டர்வியூவை திரும்ப ஆரம்பிச்சுடுங்க, கடைசி வேலை நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.