நிழலையும் முடியையும் பிரிப்பது எப்படி?

"ஃப்ளாஷ் போட்டு எடுத்த படம். பின்னால் வெளிர்நீலச் சுவரில் கறுப்பாக நிழல். ஃபோட்டோஷாப்பில் ஆளை வெட்டினால் நிழலும் முடியோடு சேர்ந்தே வருகிறது. என்ன செய்வது?"

நிழல் கறுப்பாகத் தெரிந்தாலும் அது இருண்ட நீலம்தான். முடியில் அந்த நீலம் இல்லை. அதனால் Channels-இல் Blue-வைத் தனியாகப் பாருங்கள்: நிழல் சாம்பலாகவும் முடி கறுப்பாகவும் பிரிந்து நிற்கும்.

அந்தச் சேனலை நகலெடுத்து, Ctrl+L அழுத்தி, திறக்கும் Levels பெட்டியில் வரைபடத்துக்குக் கீழே வலதுபக்கம் உள்ள வெள்ளை முக்கோணத்தை நிழல் வெளுக்கும் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். மெல்லிய முடிகள் மறையத் தொடங்கினால் சற்றுப் பின்வாங்குங்கள். முகம், சட்டை எல்லாவற்றையும் கறுப்புத் தூரிகையால் நிரப்பி, Ctrl+I கொடுங்கள். அப்புறம் Ctrl-ஐப் பிடித்தபடி சேனலின் சிறுபடத்தைச் சொடுக்கினால் தேர்வு தயார். RGB-க்குத் திரும்பி, லேயர் மாஸ்க் ஆக்குங்கள்.

நிழல் விழுந்த பக்கத்து முடியோரத்தில் நீலச் சாயல் மிஞ்சும். அங்கே மட்டும் நிறச்செறிவைக் குறைத்தால் போதும்.

வெள்ளைச் சுவரென்றால் இந்த வழி உதவாது. நிழல் மூன்று சேனலிலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்தான். Curves-ஆல் இருட்டைத் தற்காலிகமாக வெளுக்கவைத்து, தெரியும் விளிம்பைப் பேனா கருவியால் கையால் வரைவதே நான் செய்வது.