ஒக்சிஜன் நின்ற இரண்டு மரணங்கள், இரண்டு தீர்ப்புகள்

கேள்வி: டொக்டர் விட்ட பிழையால் ஆள் செத்துப்போனால் அவர் மேல் கிரிமினல் வழக்குப் போட முடியாதா? கேட்டால் "அது சாதாரண தவறு" என்கிறார்கள். எது சாதாரண தவறு, எது குற்றம்?

போடலாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, கண்மூடித்தனமான அல்லது கவனயீனமான செயலால் ஒருவருக்கு மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பஸ் சாரதிக்கும் டொக்டருக்கும் ஒரே பிரிவுதான். நான் திருகோணமலையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். இங்கே நீதவான் நீதிமன்றத்தில் 298 என்று வாசித்தால் பெரும்பாலும் அது வீதி விபத்துத்தான். டொக்டர் மேல் அந்தப் பிரிவில் வழக்கு வருவது மிக அபூர்வம். டொக்டர்மாருக்குச் சலுகை கொடுக்கிறார்கள் என்று சனம் நினைக்கிறது. ஆனால் கிரிமினல் சட்டம் கேட்கும் கேள்வியே வேறு. அதைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நோயாளிக்கு ஒக்சிஜன் கிடைக்கவில்லை.

முதலாவது இங்கிலாந்தின் அடொமாக்கோ வழக்கு. 1987 இல் ஒருவருக்குக் கண் சத்திரசிகிச்சை நடக்கிறது. மருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்க வைத்திருப்பதால் அவரால் தானாக மூச்சு எடுக்க முடியாது. தொண்டைக்குள் போகும் குழாயும் வெண்டிலேட்டரும்தான் உயிர். நடுவில் அந்தக் குழாய் இணைப்பு கழன்றுவிட்டது. மயக்க மருந்து டொக்டர் அடொமாக்கோ அதைக் காணவில்லை. ஏறக்குறைய நாலரை நிமிடம் கழித்து இரத்த அழுத்தக் கருவி அலாரம் அடித்தது. அவர் கருவியைப் பார்த்தார், நாடித்துடிப்பைக் கூட்ட அட்ரோபின் ஊசி போட்டார், குழாய் இணைப்பை மட்டும் பார்க்கவில்லை. நோயாளியின் இதயம் நின்றுபோனது.

நெஞ்சு ஏறி இறங்குவது நின்றிருந்தது, உடல் நீலம் பாய்ந்தது, நாடியும் அழுத்தமும் விழுந்தன. திறமையான ஒரு மயக்க மருந்து டொக்டர் இதை 15 வினாடிக்குள் கண்டுபிடித்திருப்பார் என்று அதே துறை நிபுணர் சாட்சி சொன்னார். அப்போது இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1994 இல் அவர் மேலான குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தது. அங்கே வகுத்த அளவுகோல் சுருக்கமாக இதுதான்: கவனம் எடுக்கும் கடமை இருந்ததா, அதை மீறினாரா, அந்த மீறலால்தான் மரணமா, இந்த மூன்றுக்கும் மேலாக, அந்த மீறல் குற்றம் என்று சொல்லும் அளவுக்கு மோசமானதா. கடைசிப் படி இல்லாவிட்டால் நட்டஈட்டு வழக்கோடு சரி.

இரண்டாவது இந்திய உச்ச நீதிமன்றம் 2005 இல் தீர்த்த ஜேக்கப் மத்தியூ வழக்கு. புற்றுநோய் முற்றிய ஒரு முதியவருக்கு இரவில் மூச்சுத் திணறுகிறது. குடும்பத்தார் கூப்பிட்டும் டொக்டர் வர 20, 25 நிமிடம் ஆனதாகக் குற்றச்சாட்டு. வந்து ஒக்சிஜன் சிலிண்டரைப் பொருத்தினால் அது ஒக்சிஜன் இல்லாத வெறுமையான சிலிண்டர். மகன் பக்கத்து அறைக்கு ஓடி வேறொன்றைக் கொண்டுவந்தார். அதையும் உடனே இயக்க வசதியில்லை. ஐந்து முதல் ஏழு நிமிடம் போனது, ஆள் இறந்துவிட்டார்.

கேட்கும் யாருக்கும் இரண்டாவதுதான் கூடக் கோபம் வரும், எனக்கும் வருகிறது. ஆனாலும் நீதிமன்றம் அந்த டொக்டர் மேலான கிரிமினல் வழக்கை ரத்துச் செய்தது. சிலிண்டரை நிரப்பி வைக்காதது ஆஸ்பத்திரியின் குறை, அதற்கு ஆஸ்பத்திரி சிவில் சட்டத்தில் பொறுப்பேற்க நேரலாம், அந்த டொக்டர் மேல் கிரிமினல் வழக்கு நடத்த அது போதாது என்றது. அப்போதைய இந்தியச் சட்டப் பிரிவின் வாசகமும் நம் 298 மாதிரித்தான், "பாரதூரமான" என்ற சொல் அதில் இருக்கவில்லை. இல்லாவிட்டாலும் கவனயீனம் அந்த உயரத்தில் இருந்தால்தான் குற்றமாகும் என்று தீர்ப்பு விளக்கியது. இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டு பிரிவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால் அந்த விளக்கத்தை இங்கே எடுத்து வாதாடலாம்.

ஆகவே எவ்வளவு பெரிய இழப்பு என்பதை வைத்து இது முடிவாவதில்லை. அந்த நேரத்தில் அந்த டொக்டருக்கு முன்னால் என்ன தெரிந்தது, அதைப் பார்த்தும் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. ஒரு ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை பென்சிலினுக்கு ஒவ்வாமை காட்டாத ஒருவருக்கு முதல் முறையாகக் காட்டி உயிர் போனால், அது பெரும்பாலும் கவனயீனமே அல்ல. ஒவ்வாமை உண்டா என்று கேட்காமலே போட்டிருந்தால் கவனயீனம், நட்டஈடு கேட்கலாம். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான பி.எச்.ரி. முகப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, தாதியும் ஞாபகப்படுத்துகிறார், அதற்குப் பிறகும் போட்டிருந்தால் 298 பற்றிப் பேச இடமுண்டு. மூன்றிலும் இறப்பு ஒன்றுதான்.

இனி நம் ஊரில் வழக்குகள் உண்மையில் எங்கே உடைகின்றன என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது படியில், அதாவது மரணத்தின் காரணத்தில். ஆள் இறந்ததும் வீட்டார் உடலைக் கொண்டுபோக அவசரப்படுவார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்ற கவலை. எங்கட வீடுகளில் "இனி அறுக்க வேண்டாம், போனது போகட்டும்" என்ற பேச்சு. திடீர் மரண விசாரணை அதிகாரி கேட்கும்போது "மரணத்தில் சந்தேகம் இல்லை" என்று ஒரு வரி சொல்லிக் கையெழுத்து வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு தாதி சொன்னதையோ உறவுக்கார டொக்டர் சொன்னதையோ கேட்டுவிட்டு என்னிடம் வருவார்கள். அப்போது பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்காது, தகனம் செய்திருந்தால் உடலும் இருக்காது. அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு முதலில் வாசித்துக் காட்டும்.

காரணம் நிரூபிக்கப்படாவிட்டால் நட்டஈடே கிடைக்காது, சிறைத் தண்டனை எங்கே. குழந்தை மருத்துவப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கு அதற்குச் சாட்சி. ஒரு சிறுமியின் மூளைத்தண்டுக் கட்டியை வேறு நோய் என்று கருதிச் சிகிச்சை நடந்தது. மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கவனயீனம் இருந்தது என்று ஏற்றுக்கொண்டும், அந்தக் கவனயீனம்தான் உயிரைப் பறித்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்தத் தந்தையின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். ஆனாலும் சட்டத்தின் தர்க்கம் பிழை என்று என்னால் சொல்ல முடியாது.

அதனால் சந்தேகம் இருந்தால் உடலை ஏற்கும் முன்பே வாயைத் திறந்து சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடமும் பொலிசிலும் எழுத்தில் கேளுங்கள். பி.எச்.ரி.யைக் கைப்பற்றிப் பாதுகாக்கும்படி நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். ஊசி போட்ட நேரம், டொக்டர் வந்த நேரம், அழுத்தம் குறைந்த நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். நிபுணர் சாட்சி சொல்லப்போவதும் அதை வைத்துத்தான்.

கிரிமினல் பக்கம் எப்படிப் போனாலும் நட்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு 2 வருடம். அரச ஆஸ்பத்திரி என்றால் எதிராளி சட்டமா அதிபர். அவருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்குத் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 2 வருடம் முடிவதற்குள் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.