உரையாளரின் சிலைடுகளிலிருந்து நிகழ்ச்சி நிரல் குறிப்பு எழுதுதல்

"எங்கள் விவசாயக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வோர் உரைக்கும் 60 சொற்களுக்குள் குறிப்பு இடவேண்டும். நெல் வரிசை விதைப்புப் பற்றிப் பேசவிருப்பவர் 22 சிலைடுகளை மட்டும் அனுப்பியிருக்கிறார். சுருக்கிப் பார்த்தால் தலைப்புகளின் பட்டியல்தான் வருகிறது. என்ன செய்வது?" — வாசகர், கிளிநொச்சி

முதலாம் சிலைடிலிருந்து சுருக்கத் தொடங்குவதே இதற்குக் காரணம். பின்னணி, நோக்கம், முறை, முடிவு என்ற ஒழுங்கு மண்டபத்தில் அமர்ந்து கேட்பவருக்காக அமைக்கப்படுவது. நிகழ்ச்சி நிரலைப் புரட்டுபவரோ இந்த உரை தமக்குரியதா, இதிலிருந்து எதை அறியலாம் என்ற இரண்டையே தேடுகிறார். ஆகவே நன்றி கூறும் சிலைடுக்கு முந்தியதை முதலில் திறந்து, அங்குள்ள முடிவை ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு, அதற்குச் சான்றாகும் வரைபடத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்லுங்கள். சிலைடின் கீழ் உரையாளர் தமக்கென எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றையும் வாசியுங்கள். சிலைடில் இல்லாத வினைச்சொற்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மறைத்து வைக்கப்பட்ட சிலைடுகள் மேடையில் காட்டப்படமாட்டா என்பதால், அவற்றிலுள்ள எதையும் குறிப்பில் வாக்களிக்கலாகாது.

உங்கள் உரையாளரின் 17ஆம் சிலைடில் விதை நெல்லின் அளவும் விளைச்சலும் ஒப்பிடப்பட்டுள்ளன என்றும், 19ஆம் சிலைடில் மட்டமற்ற வயலில் நீர் தேங்கி முளைப்புக் கெட்டதாகக் கூறப்பட்டுள்ளது என்றும், 21ஆம் சிலைடில் வயல் தயாரிப்பு முறை உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது குறிப்பு இவ்வாறு அமையலாம்:

"முளைகட்டிய நெல்லைக் கையால் இழுக்கும் கருவியால் வரிசையாக விதைத்தால் விதை நெல்லை மீதப்படுத்த முடியுமா? இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் ஒரு காலபோகத்தில் செய்த ஒப்பீட்டை இவ்வுரை முன்வைக்கிறது. விளைச்சல் குறையவில்லை, எனினும் நீர் தேங்கிய இடங்களில் முளைப்புப் பாதிக்கப்பட்டது. அதைத் தவிர்க்க வயலை மட்டப்படுத்தும் முறை விவசாயிகளுக்கும் விவசாயப் போதனாசிரியர்களுக்கும் விளக்கப்படும்."

முதல் சில சிலைடுகளில் வரும் வன்னி நெற்செய்கையின் வரலாறு இதில் இடம்பெறவில்லை. அவையினர் அதை அறிந்தவர்கள். மாறாக, பலரும் விட்டுவிடும் 19ஆம் சிலைடுக்கு ஒரு வாக்கியத்தில் இடம் கொடுத்திருக்கிறேன், ஏனெனில் தம் வயலிலும் நீர் தேங்கும் ஒருவர் அதைக் கண்டே அந்த மண்டபத்துக்கு வருவார். "ஒரு காலபோகத்தில்" என்ற சொற்களையும் நீக்கக் கூடாது. நீக்கினால் ஒரு போகத்தின் முடிவு எக்காலத்துக்கும் பொருந்தும் முடிவாகத் தோன்றும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் அதற்கு ஆதாரமான சிலைடின் இலக்கத்தைக் குறியுங்கள். இலக்கமிட முடியாத வாக்கியம் உங்கள் ஊகமே, அதை வெட்டிவிடுங்கள். வரைபடத்தின் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். தொடங்காவிட்டால் சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரிந்து, "பெருமளவு" என்று உங்களை எழுதவைத்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் குறிப்பை உரையாளருக்கு அனுப்பி, ஒப்பீடு ஒரு போகத்துக்கு மட்டும் உரியதா என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். உரைநாள்வரை சிலைடுகளைத் திருத்துவது வழக்கம் என்பதாலேயே மேலேயுள்ள குறிப்பில் கிலோக் கணக்கையும் விழுக்காட்டையும் தவிர்த்திருக்கிறேன்.