வகுப்புக் கிரிக்கெட் மட்சுக்கு அம்பயரும் ஸ்கோரரும்: சேரிட்டைக் கேளுங்கோ

கேள்வி (ஒரு டீச்சர், மானிப்பாய்): ரெண்டு வகுப்பிலையும் ஒவ்வொரு பிள்ளையை ஸ்கோர் எழுத விட்டனான். ரெண்டு புத்தகமும் ஒத்துவரேல்லை. எதை நம்புறது?

பதில்: டீச்சர், முதல்லை ஒவ்வொரு புத்தகமும் தனக்குள்ளை சரிவருதோ எண்டு பாருங்கோ. மட்டையாலை வந்த ஓட்டம் 61, வைட் 6, நோபோல் 2, பை 3, லெக் பை 2 எண்டால் மொத்தம் 74. பையும் லெக் பையும் பந்து போட்டவையிலை ஏறாததாலை அவையின்ரை கணக்கு 69 ஆக இருக்கவேணும். அதோடை பையும் லெக் பையும் 5 சேர்த்தால் அதே 74. பந்து போட்டவையின்ரை கணக்கு 71 எண்டு கிடந்தால், லெக் பை ரெண்டையும் பிள்ளை பந்து போட்டவனிலை ஏத்திப்போட்டுது.

ஆனால் அந்த ரெண்டையும் அடிச்சவனுக்கே எழுதியிருந்தால் 63, 71 எண்டு ரெண்டு பக்கமும் சரியாத்தான் வரும், பிழை தெரியாது. மற்றப் புத்தகம்தான் காட்டிக்குடுக்கும். அதாலை ஒவ்வொரு ஓவர் முடியவும் ரெண்டுபேரும் மொத்தத்தை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிடவேணும். அம்பயர் காட்டின சைகைக்கு ஸ்கோரர் கை உயர்த்தாமல் அவர் அடுத்த பந்தை விடக்கூடாது.

கேள்வி (தரம் 10 மாணவன்): எங்கடை வகுப்புப் பெடியனே அம்பயரா நிண்டால் என்ன?

பதில்: விளையாடாத வகுப்பிலை இருந்து எடுங்கோ, தம்பி.

கேள்வி (பழைய மாணவர்): மட்டையிலை படாமல் காலிலை பட்டு ஓடினால் எல்லாம் லெக் பைதானே?

பதில்: பாதி சரி. அடிக்க முயன்றிருக்கவேணும், இல்லாட்டி பந்து படாமல் விலகப் பாத்திருக்கவேணும். சும்மா காலைக் குடுத்திட்டு ஓடினால் ஓட்டமில்லை. அம்பயர் உடனை கத்தக்கூடாது. முதல் ஓட்டம் முடியும்வரை, இல்லாட்டி பந்து எல்லைக்குப் போகும்வரை பொறுத்து ‘டெட் போல்’ சொல்லி, ஓடினவையைப் பழைய முனைக்கு அனுப்பவேணும். அதுக்குள்ளை ரன் அவுட் ஆக்கலாம்.

அதே பழைய மாணவர்: எங்கடை காலத்திலை ஒருத்தரும் உப்பிடி டெட் போல் குடுக்கேல்லை. அம்பயரா நிக்கிற 14 வயசுப் பிள்ளை, மட்டை பிடிக்கிறவன் அடிக்க முயன்றானோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கும்?

பதில்: குடுக்காததாலை சட்டம் மாறாது. நான் பழக்கேக்கை, பிள்ளையை பந்து போடுற பக்கம் நிப்பாட்டி, மட்டை காலுக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கோ முன்னாலை வருதோ எண்டு மட்டும் பாக்கச் சொல்லுவன்.

ஒரு தாய்: மட்டை முன்னாலை வந்தாலும் அடிக்காமல் விடுறவன் இருக்கிறானே, சேர். என்ரை மகனுக்கு அப்பிடி ஒரு லெக் பையை மறுத்தவை, அவன் அழுதவன்.

பதில்: முன்னாலை நீட்டிப்போட்டு விடுறது முயற்சியில்லை, அம்மா. ஆனால் அது ஒவ்வொரு அம்பயரும் வேறமாதிரிப் பாக்கிற இடம். மகன் விளையாடினதை நான் காணேல்லை, அதுக்குத் தீர்ப்புச் சொல்லேலாது.

கேள்வி: சேர், எங்கடை வகுப்பு ஆளை அம்பயரா…

பதில்: மேலை சொல்லிப்போட்டன். அதை வாசியுங்கோ.

கேள்வி (தரம் 9 மாணவி): அம்பயரா நிக்கேக்கை அவுட் எண்டு வடிவாத் தெரியுது, ஆனால் ஒருத்தரும் அப்பீல் கேக்கேல்லை. விரலைத் தூக்கலாமோ?

பதில்: கூடாது, பிள்ளை. அடுத்த பந்துக்குப் பந்துக்காரர் ஓடத் தொடங்கமுதல் யாராவது கேட்டால் மட்டும் குடுக்கலாம்.

பழைய மாணவர்: நீட்டிப்போட்டு விடுறதும் முயற்சிதான் எண்டுதான் நான் சொல்லுவன்.

பதில்: சனிக்கிழமை வலைக்கு வாங்கோ, பந்து போட்டுப் பாப்பம்.