வகுக்காமல் வகுப்பது: கேள்வி பதில்

வகுக்கத் தலைகீழி வேண்டும், தலைகீழிக்கு வகுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தானே வருகிறோம், சார்?

வகுக்கும் எண் d என்றால், அதன் தலைகீழியான 1/d-ஐ முதலில் குத்துமதிப்பாக x0 என எடுத்துக்கொண்டு, பிறகு x1 எனத் திருத்துகிறோம். திருத்தப் பெருக்கலும் கழித்தலும் போதும்.

```
x1 = x0 * (2 - d*x0)
```

d = 0.7, முதல் ஊகம் 1.5 என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் 1 வரவேண்டும், 1.05 வருகிறது. பிழை 0.05. அந்த 1.05-ஐ 2-இலிருந்து கழித்தால் 0.95. அதை 1.5-உடன் பெருக்க, 1.425. இப்போது 0.7 × 1.425 = 0.9975, பிழை 0.0025. முந்தைய பிழையின் வர்க்கம்! இன்னொரு சுற்று: 1.425 × 1.0025 = 1.4285625. பிழை 0.00000625, மறுபடியும் வர்க்கம். உண்மை விடை 1.4285714…

ஒன்றைக் கவனித்தீர்களா? முதல் ஊகம் விடையைத் தாண்டி நின்றது. அதன்பின் இரண்டும் கீழேதான். வர்க்கத்துக்கு மைனஸ் கிடையாதே.

சரியான பிட்டுகள் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும் என்றால், முதல் ஊகம் தரும் 8 பிட் அட்டவணையில் தொடங்கி மூன்றே சுற்றில் 64 பிட் வந்துவிடும், இல்லையா?

காகிதத்தில் வரும். பெருக்கி என்ற வன்பொருள் 32 பிட்தான் என்றால், ஒவ்வொரு பெருக்கலிலும் வால் வெட்டப்படும். மூன்றாம் சுற்று அந்த வெட்டுப் பிழையைத்தான் கிளறும். தொடக்கமும் முக்கியம். x86 சிப்பின் `RCPSS` கட்டளை தரும் ஊகத்தில் சார்புப் பிழை அதிகபட்சம் 1.5 × 2⁻¹². ஒரு சுற்றில் அது 2.25 × 2⁻²⁴ ஆகும். 24 பிட்டுக்கு மயிரிழையில் போதாது.

என் ஃபிக்ஸட் பாயின்ட் கோடில் d = 300, x0 = 1.5. முதல் சுற்றிலேயே -672. பெருக்கியில் கோளாறா அண்ணே?

பெருக்கி பாவம், சரியாகத்தான் பெருக்கியிருக்கிறது. உங்கள் d*x0 = 450, பிழையின் அளவு 449. ஒன்றுக்கு மேற்பட்டதை வர்க்கமாக்கினால் வளராமல் என்ன செய்யும்? x0 என்பது 0-க்கும் 2/d-க்கும் நடுவில் இருந்தே ஆகவேண்டும். d-ஐ 9 பிட் வலப்பக்கம் நகர்த்துங்கள், 300/512 சுமார் 0.586 ஆகும். அதே 1.5-க்குப் பிழை இப்போது 0.12தான். கடைசியில் விடையையும் 9 பிட் வலப்பக்கம் நகர்த்த மறந்துவிடாதீர்கள்; நான் ஒருமுறை மறந்து அரைநாள் தேடினேன்.

1994-இல் பென்டியம் சிப்பில் வந்த வகுத்தல் பிழை இந்த முறையால்தானே?

இல்லை. அது எஸ்ஆர்டி முறை, அட்டவணையில் 5 இடங்கள் விடுபட்டிருந்தன. அங்கே ஈவு இலக்கத்தைத் தேர்வதே அட்டவணைதான். இங்கே அட்டவணை கொஞ்சம் பிசகினாலும் சுற்றுகள் திருத்திவிடும். மோசமாகப் பிசகினால் இதுவும் மாட்டிக்கொள்ளும்.

6-ஐ 3-ஆல் வகுத்தால் 1.9999999 வருகிறது. இன்னொரு சுற்று போடவா?

வேண்டாம். மீதியைப் பாருங்கள்: 6 − 3 × 1.9999999 = 0.0000003. இதைத் தலைகீழியால் பெருக்கி ஈவோடு கூட்டினால் 2. ஆனால் 3 × 1.9999999 என்ற பெருக்கற்பலனைக் கழிப்பதற்கு முன் தோராயமாக்கிவிடக் கூடாது, மீதியே மறைந்துபோகும். கிராஃபிக்ஸ் வேலைக்கு இந்தத் திருத்தத்தையே விட்டுவிடலாம் என்பார் என் சக பொறியாளர். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.